கடவுச்சீட்டின் கடைசி நாள்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கே போனால் வரும் சல்லியும் சாம்பல்தீவும் கடலை நம்பிய ஊர்கள். ஆனாலும் இங்குள்ள பல குடும்பங்களுக்கு இன்று வருமானம் கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ வருகிறது. உறவுகள் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். இப்படியான வீடுகளில் கடவுச்சீட்டு, காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் சேர்த்து அலுமாரியில் பூட்டி வைக்கப்படும் பொருள். வெளியே எடுக்கப்படுவது பயணம் வரும்போதுதான். அப்போது எழும் முதல் கேள்வி “இன்னும் திகதி இருக்கா?” என்பது. பெரும்பாலான வேளைகளில் பதில் எளிது. ஆனால் காலாவதித் திகதி நெருங்கி நிற்கும்போது அந்தக் கேள்வி இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தத் திகதி அன்று கடவுச்சீட்டு உயிரோடு இருக்கிறதா, முதல் நாள் நள்ளிரவோடு போய்விட்டதா என்பது ஒன்று. உயிரோடு இருந்தாலும் அதைக் கொண்டு விமானம் ஏற முடியுமா என்பது மற்றது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். காலாவதித் திகதியாக அச்சிடப்பட்ட நாள், அந்த நாள் முடியும்வரை செல்லுபடியான நாளே என்பது என் முடிவு. அந்த முடிவு பயணிக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு இரண்டாவது கேள்விதான் பதில் சொல்லும்.

முதலில் திகதியைச் சரியாக வாசிக்க வேண்டும். கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தில் காலாவதித் திகதி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, படத்துக்குப் பக்கத்தில், வழங்கிய திகதியோடு சேர்த்து மனிதர் வாசிப்பதற்காக அச்சிடப்பட்டது. மற்றது, பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகளில், இயந்திரம் வாசிப்பதற்காக இருப்பது. இந்த இரண்டு வரிகளின் அமைப்பு உலகம் முழுவதும் ஒன்றுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் 9303 ஆம் இலக்க ஆவணம் அதை வகுத்திருக்கிறது. அந்த ஆவணம், உட்டோப்பியா என்ற கற்பனை நாட்டுக் கடவுச்சீட்டொன்றை மாதிரியாகக் காட்டுகிறது. அதன் இரண்டாவது வரி இது:

```
L898902C36UTO7408122F1204159ZE184226B<<<<<10
```

இதில் முதல் ஒன்பது எழுத்துகளும் இலக்கங்களும் கடவுச்சீட்டு இலக்கம். அடுத்தது அதைச் சரிபார்க்கும் இலக்கம், பிறகு நாட்டின் குறி. அதன்பின் வரும் 740812 பிறந்த திகதி, அதாவது 1974 ஓகஸ்ட் 12. அதற்கும் ஒரு சரிபார்ப்பு இலக்கம், பிறகு பால் குறி. அதை அடுத்து 22 ஆம் இடத்திலிருந்து 27 ஆம் இடம்வரை உள்ள 120415 என்பதுதான் காலாவதித் திகதி. இதுதான் நம்மவர்கள் சறுக்கும் இடம். நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப் பழகிய கண் இதை 2015 ஏப்ரல் 12 என்று வாசித்துவிடும். ஆனால் இயந்திர வரியில் ஆண்டுதான் முதலில், பிறகு மாதம், கடைசியில் நாள். ஆகவே இது 2012 ஏப்ரல் 15. தவறாக வாசித்தவர் தன் கடவுச்சீட்டுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆயுளைக் கூட்டிவிடுகிறார். மேலே அச்சிட்டிருப்பதையும் கீழே உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். அச்சு மங்கியோ ஈரம் பட்டோ இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. திகதியின் ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கம், திகதிக்கு அடுத்து நிற்கும் இலக்கத்தோடு பொருந்த வேண்டும். மாதிரியில் 7, 6, 0, 28, 3, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 49. கடைசி இலக்கம் 9. வரியிலும் 120415 ஐ அடுத்து 9 தான் இருக்கிறது. பொருந்தாவிட்டால் ஏதோ ஓர் இலக்கத்தை நாம் தவறாக வாசித்திருக்கிறோம்.

இந்த வரியில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். வழங்கிய திகதி இதில் எங்குமே இல்லை. கருமபீடத்தில் கடவுச்சீட்டை இயந்திரத்தின் மேல் வைக்கும்போது அது அறிந்துகொள்வது முடியும் நாளை மட்டுமே. எப்போது தொடங்கியது என்பது அதற்குத் தெரியாது. சிப் பொருத்திய கடவுச்சீட்டுகளில் காலாவதித் திகதிக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. சிப்பைத் திறக்கும் சாவி, கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி ஆகிய மூன்றையும் கொண்டு உருவாக்கப்படுகிறது. வழங்கிய திகதிக்கு அங்கும் இடமில்லை. அதை வாசிக்க வேண்டுமானால் ஒரு மனிதர் பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்படி யார், எப்போது பார்க்கிறார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இனிக் கடைசி நாள். அதற்கான நேரடிச் சான்று இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று 2016 மார்ச் 15 அன்று வழங்கப்பட்டிருந்தால் அதன் காலாவதித் திகதி 2026 மார்ச் 14 என்று இருக்கும். அமெரிக்கக் கடவுச்சீட்டும் இப்படித்தான், முடிவு ஒரு நாள் முன்னால் நிற்கும். இந்த இரு நாடுகளிலும் வயது வந்தோருக்கான சாதாரணக் கடவுச்சீட்டின் காலம் பத்து ஆண்டு. மார்ச் 15 இல் தொடங்கும் பத்து ஆண்டு, பத்தாவது மார்ச் 14 முடியும்போதுதான் நிறைவடையும். 14 ஆம் திகதி செல்லாத நாள் என்றால் அந்த நாடுகள் தம் குடிமக்களுக்குப் பத்து ஆண்டில் ஒரு நாளைக் குறைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். பத்து ஆண்டு என்று சட்டத்தில் எழுதிவிட்டு ஒவ்வொரு கடவுச்சீட்டிலும் ஒரு நாளைப் பறிப்பதற்கு எந்த அரசுக்கும் காரணமில்லை. ஒரு நாள் முன்னதாக அச்சிடும் வழக்கம், அந்தக் கடைசி நாளையும் எண்ணுகிறோம் என்ற எண்ணத்தில் மட்டுமே பொருள்படும். பேருந்துப் பருவச்சீட்டில் 31 என்று இருந்தால் 31 ஆம் திகதி இரவுப் பேருந்திலும் நடத்துநர் ஏற்றிக்கொள்வார். இதுவும் அதே கணக்குதான்.

காலக் கணக்கைப் பற்றிய சட்டங்களும் இதே பக்கம்தான் சாய்கின்றன. இந்தியாவின் 1897 ஆம் ஆண்டுப் பொதுக் கூறுகள் சட்டம் தன் 9 ஆம் பிரிவில், ஒரு காலத்தின் கடைசி நாளையும் சேர்த்துக் கணக்கிட “வரை” என்ற சொல் ஒன்றே போதும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1971 இல் காலம், திகதி, தவணை ஆகியவற்றுக்கென்றே ஓர் ஒழுங்குவிதியை இயற்றியது. தன் சட்டங்களில் ஒன்று குறித்த திகதியில் முடிவடையும் என்றால், அந்த நாளின் கடைசி மணித்தியாலம் கழியும்போதுதான் அது முடிகிறது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. இவை கடவுச்சீட்டுக்காக எழுதப்பட்டவை அல்ல என்பது உண்மைதான். ஆனால் 9303 ஆவணத்தின் வீசா பற்றிய பகுதி நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. வீசாவில் “இதுவரை செல்லும்” என்று அச்சிடப்படும் திகதி, பெரும்பாலான வேளைகளில், அந்த ஆவணத்தைக் காட்டி நுழைவு கோரக்கூடிய கடைசி நாளைக் குறிக்கும் என்று அங்கே விளக்கியிருக்கிறார்கள். சில நாடுகள் அதை வெளியேறியிருக்க வேண்டிய நாளாகக் கொள்ளும் என்பதையும் அதே இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வாசிப்பிலும் அச்சிட்ட நாள் உள்ளேதான் இருக்கிறது. வீசாவின் கடைசி நாளுக்கு ஒரு கணக்கும், அந்த வீசா ஒட்டப்பட்ட கடவுச்சீட்டின் கடைசி நாளுக்கு இன்னொரு கணக்கும் வைப்பது பொருந்தாது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் பிரித்தானியக் கடவுச்சீட்டைப் போன்றவற்றிலிருந்து வருகிறது. அங்கே 15 ஆம் திகதி வழங்கினால் பத்தாண்டு கழித்து 15 ஆம் திகதியே முடிவு என்று அச்சாகிறது. முதல் நாளும் செல்லும், கடைசி நாளும் செல்லும் என்றால் அது பத்து ஆண்டும் ஒரு நாளும் ஆகிறது; ஆகவே இவ்வகைக் கடவுச்சீட்டில் கடைசி நாளை எண்ணக்கூடாது என்று ஒருவர் வாதிடலாம். கணக்கில் பிழையில்லை. ஆனால் கடவுச்சீட்டு தன் நாட்டுக்குள் மட்டும் வாசிக்கப்படும் ஆவணம் அல்ல. டோஹாவில் நிற்கும் அதிகாரியிடம் ஒரே மணித்தியாலத்தில் இந்தியக் கடவுச்சீட்டும் பிரித்தானியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் வரும். எந்த நாடு எந்த வழக்கத்தில் திகதி இட்டது என்று சொல்லும் குறி எதுவும் இயந்திர வரியில் கிடையாது. தொடக்க நாளே அங்கு இல்லை என்பதை முன்பே பார்த்தோம். ஆகவே எல்லாருக்கும் ஒரே விதி வேண்டும். கடைசி நாளை விலக்குவதே பொதுவிதி என்றால் இந்தியரும் அமெரிக்கரும் ஒரு நாளை இழப்பார்கள். சேர்ப்பதே பொதுவிதி என்றால் சில நாட்டவருக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும், அதனால் எவருக்கும் இழப்பில்லை. தவிரவும், பழைய பொதுச் சட்ட மரபு காலத்தை எண்ணும்போது தொடக்க நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த மரபுப்படி 15 ஆம் திகதியிலிருந்து பத்து ஆண்டு என்றால் பத்தாவது ஆண்டின் 15 ஆம் திகதிதான் கடைசி நாள், அதில் மிகையான நாளே இல்லை. உங்கள் கையிலுள்ள கடவுச்சீட்டில் இரண்டு திகதிகளின் நாளும் ஒன்றா, ஒரு நாள் வித்தியாசமா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் முடிவு மாறாது.

இரண்டாவது எதிர்வாதம் அனுபவத்திலிருந்து வருவது. திகதி இருந்தும் கட்டுநாயக்காவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற கதை கேட்காத ஊரில்லை. கடைசி நாள் அல்ல, கடைசி மாதங்கள்கூடச் செல்லாது போலும் என்று அதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். இது வேறு விதியின் வேலை. போகும் நாடு, கடவுச்சீட்டு வந்திறங்கும் நாளில் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பிறகும் இவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. இந்தியாவின் இணையவழி வீசாவுக்கு வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் இருக்க வேண்டும். இலங்கையும் தன்னிடம் வரும் வெளிநாட்டவரிடம் ஆறு மாதம் கேட்கிறது. கோயில் பொங்கலுக்கென்று லண்டனிலிருந்து சல்லிக்கு வரும் பிரித்தானியக் குடிமகன், இந்த ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அந்த விதிக்கு உட்பட்டவர்தான். வந்தவர் நோயாலோ விபத்தாலோ தாமதித்தால் ஆவணமற்றவராகத் தம் மண்ணில் தங்கிவிடக்கூடாது, திருப்பி அனுப்புவதானால் அவர் நாடு ஏற்றுக்கொள்ளும் ஆவணம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த நிபந்தனையின் நோக்கம். கடவுச்சீட்டு செத்துவிட்டது என்று அது சொல்வதில்லை. மீதி ஆயுள் தனக்குப் போதாது என்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கடைசி நாள் பற்றிய கேள்வி இங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது. சல்லியில் உள்ள ஒருவரின் கடவுச்சீட்டு 2026 ஓகஸ்ட் 15 இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து கோயில்களுக்குப் போக அவர் நினைக்கிறார். ஆறு மாதம் என்பதை 180 நாள் என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியல்ல. மாதக் கணக்கில் சொன்ன காலத்தை நாட்காட்டியின் மாதங்களாகவே எண்ண வேண்டும். பெப்ரவரி 15 இல் சென்னையில் இறங்கினால் ஆறு மாதம் கழித்து வரும் அதே திகதி ஓகஸ்ட் 15. கடைசி நாளும் செல்லும் என்ற கணக்கில் அவருக்கு ஆறு மாதமும் இருக்கிறது. பெப்ரவரி 16 இல் இறங்கினால் ஓகஸ்ட் 16 வரை இருக்க வேண்டும். ஒரு நாள் குறைகிறது. 180 நாள் என்று எண்ணியவரோ பெப்ரவரி 16 இலும் இறங்கலாம் என்று நம்பிப் பயணச்சீட்டு வாங்கியிருப்பார், ஏனென்றால் பெப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதால் அன்றிலிருந்து ஓகஸ்ட் 15 வரை சரியாக 180 நாள் இருக்கிறது. மாத இறுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓகஸ்ட் 31 இல் இறங்குபவருக்கு ஆறு மாதம் கழித்து பெப்ரவரி 31 என்ற நாள் இல்லை. அப்போது அந்த மாதத்தின் கடைசி நாளையே எல்லையாகக் கொள்வது சட்ட மரபு. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1981 இல் ஒரு குத்தகை வழக்கில் இந்த “ஒத்த திகதி” விதியை உறுதிப்படுத்தியது. விளிம்பில் நின்று பயணம் செய்வது சட்டப்படி முடியும். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் சட்டத்தில் இல்லை, கருமபீடத்தில் இருக்கிறது.

கடவுச்சீட்டை முதலில் பரிசோதிப்பவர் குடிவரவு அதிகாரி அல்ல, விமான நிறுவனத்தின் ஊழியர். போய்ச் சேரும் நாடு ஒருவரை ஏற்க மறுத்தால் அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு விமான நிறுவனத்தின் மேல் விழுகிறது. சில நாடுகள் தண்டமும் விதிக்கின்றன. பிரித்தானியாவில் உரிய ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் 2,000 பவுண் என்று 1999 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் வைத்திருக்கிறது. ஏற்றிவிட்டால் தண்டம் வரலாம், ஏற்றாமல் விட்டால் ஒரு பயணியின் கோபத்தோடு போய்விடும். இந்த நிலையில் ஐயம் வந்தால் ஊழியர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நாள் செல்லும் என்பதை அவரோடு நின்று வாதிட்டு வெல்லலாம், ஆனால் வெல்வதற்குள் வாசல் மூடிவிடும். சட்டப்படி செல்லும் நாள் ஒன்று நடைமுறையில் பயனில்லாமல் போவது இப்படித்தான். பயனில்லாமல் போனதால் அது செல்லாத நாளாகிவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் பிழை. அந்த வேறுபாடு முக்கியமாகும் இடங்கள் உண்டு. அந்த நாளில் ஒருவர் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து இறங்குகிறார் என்றால், அவர் கையில் இருப்பது செல்லுபடியான கடவுச்சீட்டே. யாரும் அவருக்குச் சலுகை செய்யவில்லை.

வழங்கிய திகதிக்கு வருகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டில் அது பெரும்பாலும் படிவங்களை நிரப்பவே பயன்படும். வயது வந்தோருக்குப் பத்து ஆண்டு, சிறுவருக்கு மூன்று ஆண்டு என்ற கணக்கின் தொடக்கப் புள்ளி, அதற்குமேல் வேலையில்லை. புலம்பெயர்ந்தவர்களில் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அப்படியல்ல. 2018 செப்டெம்பர் வரை பிரித்தானியா, பழைய கடவுச்சீட்டில் மீதியிருந்த காலத்தை ஒன்பது மாதம் வரை புதியதோடு சேர்த்துக் கொடுத்துவந்தது. அதனால் பத்து ஆண்டும் ஒன்பது மாதமும் ஓடும் கடவுச்சீட்டுகள் இன்னும் பலர் கையில் இருக்கின்றன. ஷெங்கன் நாடுகளின் எல்லைச் சட்டமோ வெளியாரிடம் இரண்டு நிபந்தனைகளைத் தனித்தனியாக வைக்கிறது. கடவுச்சீட்டு நுழையும் நாளுக்கு முந்திய பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். வெளியேற எண்ணும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் மீதியிருக்க வேண்டும். லண்டனில் வாழும் ஒருவரின் கடவுச்சீட்டு 2016 ஜூன் 20 இல் வழங்கப்பட்டு 2027 மார்ச் 20 இல் முடிகிறது என்று கொள்வோம். பாரிசின் லா சப்பலில் நடக்கும் பிள்ளையார் தேருக்கு, ஓகஸ்ட் கடைசியில் போக நினைக்கிறார். காலாவதித் திகதியை மட்டும் பார்த்தால் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. மூன்று மாத நிபந்தனைக்கும் டிசெம்பர் 20 வரை தங்கலாம். ஆனால் 2026 ஜூன் 20 உடன் வழங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டு ஆகிவிடுகிறது. பத்து ஆண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று பிரித்தானிய அரசு தன் குடிமக்களுக்குச் சொல்கிறது, ஆகவே அவர் நுழையக்கூடிய கடைசி நாள் ஜூன் 19. ஓகஸ்டில் போனால் செல்லுபடியான கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வரவேண்டியிருக்கும். இயந்திர வரியில் இதற்கான அடையாளம் எதுவும் இருக்காது. மேலே உள்ள திகதியைக் கண்ணால் வாசித்தவருக்கு மட்டுமே தெரியும். அதே மனிதர் சல்லிக்கு வர விரும்பினால் அந்தப் பத்தாண்டு விதி இங்கே இல்லை. ஆறு மாத விதிதான், செப்டெம்பர் 20 வரை வரலாம். இரண்டு திகதிகளில் எது முக்கியம் என்பதை வாசலில் நிற்கும் நாடுதான் தீர்மானிக்கிறது.

கடைசி நாள் செல்லும் என்றால் அந்த நாள் எங்கே முடிகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கடவுச்சீட்டில் மணித்தியாலம் அச்சிடப்படுவதில்லை, எந்த நாட்டு நேரம் என்றும் இல்லை. பரிசோதிப்பவர் தன் மேசையிலுள்ள நாட்காட்டியைத்தான் பார்ப்பார். ஆகவே எந்த இடத்தில் காட்டுகிறோமோ அந்த இடத்துத் திகதியே கணக்கு. இது நெடும்பயணத்தில் விநோதமாக விளையாடும். இலங்கைக் கடவுச்சீட்டு ஓகஸ்ட் 15 இல் முடியும் ஒருவர், ஓகஸ்ட் 14 இரவு 10 மணிக்கு ரொறன்ரோவில் விமானம் ஏறுகிறார் என்று வைப்போம். அப்போது இலங்கையில் 15 ஆம் திகதி காலை 7.30 ஆகிவிட்டது. வளைகுடாவில் மாறி, மொத்தம் 20 மணித்தியாலப் பயணம் என்றால் கட்டுநாயக்காவில் இறங்கும்போது 16 ஆம் திகதி அதிகாலை 3.30. ஏறும்போது கடைசி நாள் இன்னும் தொடங்கவே இல்லை. இறங்கும்போது அது முடிந்து மூன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது. முழுக் கடைசி நாளும் பயணத்திலேயே போய்விடுகிறது. இலங்கைக் குடிமகனுக்கு இலங்கைக்குத் திரும்பும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பற்றிய 14 ஆம் உறுப்புரையிலேயே உறுதிசெய்திருக்கிறார்கள். கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டவரைத் திகதி முடிந்தது என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அந்த உரிமை ரொறன்ரோ கருமபீடத்தில் வேலை செய்யாது. போய்ச் சேரும் நாளில் கடவுச்சீட்டு முடிந்திருக்கும் என்று கணினி காட்டினால் ஊழியர் ஏற்றத் தயங்குவார். இடைவழி நாட்டில் விமானம் தவறினால் நிலைமை இன்னும் மோசம். இப்படி மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது, அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அல்லது கொன்சியூலர் அலுவலகத்தில் நாடு திரும்புவதற்கான தற்காலிகப் பயண ஆவணம் கேட்பதுதான்.

முன்பெல்லாம் இந்த நெருக்கடிக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. கையால் எழுதிய காலத்துக் கடவுச்சீட்டுகளில் இன்னொரு பக்கத்தில் முத்திரை குத்திக் கையெழுத்திட்டுக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். வயதானவர்கள் இன்றும் “பாஸ்போட் புதுப்பிக்க வேணும்” என்று சொல்வது அந்த நினைவில்தான். இயந்திர வரி வந்தபின் அந்த வழி அடைபட்டது. உள்ளே முத்திரை குத்தினாலும் அடியிலுள்ள ஆறு இலக்கங்களும் சரிபார்ப்பு இலக்கமும் மாறாது. இயந்திரத்துக்குப் பழைய திகதிதான் தெரியும். இயந்திரம் வாசிக்க முடியாத கடவுச்சீட்டுகள் எல்லாம் 2015 நவம்பர் 24 உடன் காலாவதியாகிவிட வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் எல்லை வைத்தது. இப்போது புதுப்பிப்பது என்றால் புதுப் புத்தகம் எடுப்பது, புது இலக்கம், புது வழங்கிய திகதி.

புதுப் புத்தகம் எடுப்பதற்கும் நாள் பிடிக்கும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் முன் நின்ற வரிசைகளையும், 2024 இல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மறுபடி உருவான வரிசைகளையும் நாடே பார்த்தது. திருகோணமலையாருக்குப் பத்தரமுல்லையும் தூரம், வவுனியாப் பிராந்திய அலுவலகமும் ஒரு நாள் வேலை. ஆகவே எண்ண வேண்டிய திசை பின்னோக்கியது. ஓகஸ்ட் 15 இல் முடியும் கடவுச்சீட்டை, ஆறு மாதம் கேட்கும் நாட்டுக்குப் போக நினைப்பவர் பெப்ரவரி 15 இல் முடிவதாகக் கொள்ள வேண்டும். விளிம்பைத் தவிர்க்க இரண்டு வாரம், புதுப் புத்தகம் கைக்கு வர எடுக்கும் காலம், புது இலக்கத்துக்கு மறுபடி வீசா கேட்க வேண்டியிருந்தால் அதற்கான காலம் என்று கழித்துக்கொண்டே போனால், விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டிய மாதம் முந்திய ஆண்டின் ஒக்டோபரோ நவம்பரோ என்று வரும். பழைய புத்தகத்தில் இன்னும் உயிருள்ள வீசா இருந்தால் அதைக் கையளிக்கும்போதே அதிகாரியிடம் சொல்லி, மூலையை வெட்டி இரத்துச் செய்தாலும் வீசாப் பக்கத்தில் கை படாமல் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். பல நாடுகள் பழைய புத்தகத்திலுள்ள வீசாவைப் புதிய புத்தகத்தோடு சேர்த்துக் காட்டினால் ஏற்கின்றன, ஆனால் பக்கம் சேதமடைந்திருந்தால் ஏற்பதில்லை.